கோடுகள் நிறைய, முகம் மட்டும் அசையவில்லை: அம்மம்மாவின் வீடியோ அழைப்பைத் தூரத்திலிருந்து சரிசெய்த கதை

எங்கள் அம்மம்மா ரொறன்ரோவில், ஸ்காபரோவில், மாமா வீட்டு பேஸ்மென்டில் இருக்கிறா. நான் யாழ்ப்பாணத்தில். இங்கே இரவு எட்டு மணி என்றால், கோடைகாலத்தில் அங்கே காலை பத்தரை. மாமாவும் மாமியும் வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளைகளும் வீட்டில் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் அம்மம்மா என்னை வீடியோவில் எடுப்பா. அதாவது, ஏதாவது பிழைத்தால் பக்கத்தில் நின்று பார்த்துத்தர வீட்டில் ஒருவரும் இல்லை.

போன ஆடி மாதம் முழுக்க இதே கதைதான். எடுத்து இரண்டு நிமிடத்தில் அவவின் முகம் சதுரம் சதுரமாக உடையும். வாய் திறந்தபடி உறைந்து நிற்கும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல வந்து அறுந்துபோகும். அவவின் திரையில் `Poor connection` என்று வரும். அம்மம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், சொற்கள் தெரியாது. "பீ, ஓ, ஓ, ஆர் எண்டு கிடக்கு மோனை. நான் என்னவும் பிழையா அமத்திப்போட்டனோ?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பா. ஒரு கட்டத்தில் தானாக எடுப்பதையே குறைத்துவிட்டா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் செலவழித்து, பிழை எங்கே என்று இருவருமாகக் கண்டுபிடித்தோம். வெளிநாட்டில் தனியே பகலைக் கழிக்கும் அம்மாவையோ ஆச்சியையோ தூரத்திலிருந்து வழிநடத்த வேண்டிய யாருக்கும் உதவும் என்பதால், செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதலாவது: வழிசொல்ல வேறொரு போன்

பழுதான அழைப்பிலேயே பழுதுபார்க்க முடியாது. வைஃபையை நிறுத்திப் போடச் சொன்ன அந்தக் கணமே உங்கள் குரலும் நின்றுவிடும். அவர்கள் கையில் போனை வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். நான் முதல் நாள் செய்த பிழை அதுதான்.

மாமா வீட்டில் வயர் இல்லாத வீட்டுப் போன் ஒன்று இருக்கிறது. தூக்கிக்கொண்டு நடக்கலாம், ஒலிபெருக்கியும் உண்டு. நான் அந்த இலக்கத்துக்குச் சாதாரண அழைப்பு எடுத்தேன். அம்மம்மா அதை ஒலிபெருக்கியில் போட்டு மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டா. இரண்டு கையும் சும்மா இருந்தன. இனி அவவின் கைப்போனில் என்ன நடந்தாலும் என் குரல் அறாது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கனடாவில் பல வீடுகளில் வீட்டுப் போனே இன்டர்நெட் மோடத்தின் வழியாகத்தான் வருகிறது. அப்படியென்றால் மோடத்தை நிறுத்தினால் வீட்டுப் போனும் நிற்கும். அந்தப் படி வரும்போது, "இப்ப என்ர குரல் நிக்கும், பயப்பிடாதேங்கோ, பத்து நிமிசத்தில நான் திரும்ப எடுப்பன்" என்று சொல்லிவிட்டுத்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும்.

வீட்டுப் போனே இல்லையென்றால், காமெராவை மூடிவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். முகத்தை அனுப்பத் தேவைப்படுவதில் ஒரு சின்னப் பங்குதான் குரலுக்கு வேண்டும். வீடியோ தடக்கும் இணைப்பில் குரல் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் வைஃபையை மாற்றும் இடத்தில் அதுவும் அறும்.

இரண்டாவது: பெயரைச் சொல்லாமல் உருவத்தைச் சொல்வது

"செட்டிங்ஸுக்குப் போங்கோ" என்றால் அம்மம்மாவுக்கு அது ஒன்றுமில்லை. "பல்லுச் சில்லு மாதிரி ஒண்டு தெரியுதோ?" என்றால் உடனே "ஓம், கிடக்கு" என்பா. முதலில் என்ன தெரிகிறது என்று அவவைச் சொல்ல விட்டு, அவ சொன்ன சொல்லையே நான் எடுத்துக்கொண்டேன். திரையின் மேல் மூலையில் இருக்கும் வைஃபை அடையாளத்தை அவ "விசிறி" என்றா. பனையோலை விசிறியைக் கவிழ்க்காமல் பிடித்ததுபோலத்தானே அது இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் அது விசிறிதான்.

ஒரு தடவைக்கு ஒரே ஒரு வேலை. செய்து முடித்து "ம்" என்று சொன்ன பிறகுதான் அடுத்தது. "மேலயிருந்து கீழ விரலால இழுங்கோ." ம். "விசிறி தெரியுதோ?" ம். "அதை விரலை எடுக்காமல் மூண்டு எண்ணுமட்டும் அமத்திப் பிடியுங்கோ." பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இப்படி அமத்திப் பிடித்தால் வைஃபை பெயர்களின் பட்டியல் திறக்கும். சும்மா தட்டினால் பல போன்களில் வைஃபையே நின்றுவிடும். வயதானவர்களின் விரல் சட்டென்று தட்டிவிட்டு எடுத்துவிடும் என்பதால் எண்ணச் சொல்வது உதவியது.

மூன்றாவது: யார் பக்கத்துப் பிழை?

இதைத் தீர்மானிக்காமல் எதையும் தொட வேண்டாம். மாமா தன் பக்கம் நல்ல இன்டர்நெட் என்றார். ஊரில்தான் பிழை என்றார். ஊரில் பிழை இருக்கவும் கூடும். எங்கள் வீட்டில் சிம் போட்ட 4ஜி பெட்டிதான், மாலையில் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு அது களைக்கும்.

அதனால் அதே நேரத்தில், அதே போனில், லண்டனில் இருக்கும் சின்ன மாமாவை வீடியோவில் எடுத்துப் பத்து நிமிடம் கதைத்தேன். ஒரு தடக்கலும் இல்லை. அவருக்கும் என் முகம் தெளிவாக இருந்தது. என் பக்கம் நன்றாக இருக்கிறது என்பதற்கு இது போதும். பிறகு அம்மம்மாவைச் சின்ன மாமாவுக்கு எடுக்கச் சொன்னேன். அங்கேயும் உறைந்தது. மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் இந்தக் கேள்விக்கு இருபது நிமிடத்தில் விடை வந்துவிடும்.

இன்னொரு துப்பும் இருந்தது. உறைவது யாருடைய முகம் என்று கவனித்தேன். எனக்கு அம்மம்மாவின் முகம் உடைந்தது. அவவுக்கு என் முகம் ஓரளவு தெரிந்துகொண்டுதான் இருந்தது. "நீ நல்லாத்தான் தெரியிறாய், பின்னுக்கு நாட்காட்டியும் தெரியுது" என்றா. அப்படியென்றால் அவவிடமிருந்து வெளியே போகும் வழிதான் ஒடுங்கியிருக்கிறது. இன்டர்நெட்டில் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் தனித்தனி. வெளியே போவதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. படம் பார்ப்பதற்கும் செய்தி வாசிப்பதற்கும் உள்ளே வருவது போதும். தன் முகத்தை நேரடியாக அனுப்பும்போதுதான் மற்றது தேவைப்படுகிறது. "என்ர ரீவி நல்லா ஓடுதே" என்று மாமா சொன்னது உண்மை. ஆனால் அது எங்கள் கேள்விக்கு விடை இல்லை.

நான்காவது: ரௌட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று பார்ப்பது

வீட்டில் இன்டர்நெட் இரண்டு துண்டாக வருகிறது. தெருவிலிருந்து ரௌட்டர் வரை வருவது ஒன்று. ரௌட்டரிலிருந்து கையில் இருக்கும் போன் வரை காற்றில் வருவது மற்றது. எந்தத் துண்டில் பிழை என்று அறிய எளிய வழி, அதே போனுடன் ரௌட்டருக்குப் பக்கத்தில் போய் நிற்பதுதான்.

அளப்பதற்கு `fast.com` என்ற தளத்தைப் பயன்படுத்தினோம். எழுதச் சொல்லவில்லை. அதன் இணைப்பைச் செய்தியாக அனுப்பி, "நீலமா ஒரு கோடு போட்டு இருக்குதே, அதைத் தட்டுங்கோ" என்றேன். திறந்ததும் பெரிய எண் ஒன்று ஏறி இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அது உள்ளே வருவது. அதற்குக் கீழே `Show more info` என்று ஒரு பெட்டி வரும். அதைத் தட்டினால் இன்னும் சிறிது நேரத்தில் வெளியே போவதையும் காட்டும், `Upload` என்ற சொல்லுக்குக் கீழே. "யூ எண்ட எழுத்தில தொடங்கிற சொல்லுக்குக் கீழ என்ன இலக்கம்?" என்று கேட்டேன். பக்கத்தில் `Mbps` என்று இருக்கிறதா என்றும் எழுத்தெழுத்தாகக் கேட்டு உறுதிப்படுத்தினேன்.

முதலில் அவவின் அறையில், கட்டிலில் இருந்தபடியே. பெரிய எண் 4. வெளியே போவது "சைபர், பிறகு ஒரு புள்ளி, பிறகு மூண்டு" என்றா. 0.3. வீடியோவில் முகம் ஓரளவு தெளிவாகப் போக இரண்டு பக்கமும் 1 ஆவது வேண்டும். 0.3 என்றால் உறையத்தான் செய்யும்.

அடுத்து மேலே போகச் சொன்னேன். ரௌட்டர் இருப்பது வீட்டின் முன்பக்கத்தில், இருக்கும் அறையில், ரீவிக்குப் பின்னால். அம்மம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. போனைப் பார்த்துக்கொண்டு படியேற விடக்கூடாது. "போனைப் பைக்குள்ள வையுங்கோ, ஒரு கையால கைபிடியைப் பிடியுங்கோ, மேல போய்க் கதிரையில இருந்த பிறகு எடுங்கோ" என்று சொல்லி, மூச்சு வாங்கி முடியும்வரை காத்திருந்தேன்.

ரீவிக்குப் பக்கத்தில் இருந்தபோது: 180, 11. அங்கிருந்தே என்னை வீடியோவில் எடுத்தா. பல மாதங்களுக்குப் பிறகு அவவின் மூக்குத்தியை நான் தெளிவாகப் பார்த்தேன். பத்து நிமிடம், ஒரு தடக்கலும் இல்லை.

ஆகவே தெருவிலிருந்து ரௌட்டர் வரை நன்றாகவே வருகிறது. பிழை ரௌட்டருக்கும் கட்டிலுக்கும் இடையில்.

(உங்கள் வீட்டில் ரௌட்டருக்குப் பக்கத்திலும் எண் மோசமாக இருந்தால், கதை இங்கேயே வேறு பக்கம் திரும்பும். மோடத்தின் மின்வயரைக் கழற்றி அரை நிமிடம் விட்டு மாட்டுங்கள். அது முழுதாக விழிக்க ஐந்து நிமிடம் கொடுத்து மறுபடி அளந்து பாருங்கள். அதற்குப் பிறகும் வெளியே போகும் எண் ஒன்றுக்குக் கீழேயே இருந்தால், வீட்டில் வேறு எதுவும் படங்களையோ பாதுகாப்புக் காமெராக் காட்சிகளையோ வெளியே ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இணைப்புத் தரும் நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான். எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த எண் வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். வீட்டுக்குள் எதை நகர்த்தினாலும் அது சரிவராது.)

ஐந்தாவது: விசிறி ஏன் நிறைந்திருந்தது?

இங்கேதான் நான் நெடுநேரம் தடுமாறினேன். கீழே அறையில் இருக்கும்போது விசிறியில் எத்தனை கோடு என்று கேட்டிருந்தேன். "எல்லாம் நிறைஞ்சு வெள்ளையாக் கிடக்கு" என்றா. கோடு நிறைந்திருக்கிறது, ஆனால் 0.3. பல வாரமாக நான் வைஃபையைச் சந்தேகிக்காததற்குக் காரணமே இதுதான்.

வைஃபையின் பெயரை வாசிக்கச் சொன்னேன். மேலே, ரீவிக்குப் பக்கத்தில் வீட்டின் வழமையான பெயர் இருந்தது. கீழே இறங்கி, உட்கார்ந்து, மறுபடி பட்டியலைத் திறந்தபோது அதே பெயர்தான், ஆனால் கடைசியில் ஏதோ ஒட்டியிருந்தது. "கீழ ஒரு கோடு, பிறகு ஈ, எக்ஸ், ரீ."

`_EXT`. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அம்மம்மா, உங்கட அறையில சுவர் பிளக்கில ஏதும் வெள்ளைப் பெட்டி செருகிக் கிடக்கோ?"

"ஓம், கட்டில் தலைமாட்டுக்குப் பக்கத்தில. வைகாசியில மாமா வாங்கிக் கொண்டந்து போட்டவன். வைஃபை நல்லா வரும் எண்டு."

அது எக்ஸ்டென்டர். ரௌட்டரின் அலையைப் பிடித்து மறுபடி வீசும் பெட்டி. மாமா நல்ல மனதோடுதான் வாங்கினார், கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தால் அம்மாவுக்கு நன்றாக வரும் என்று நினைத்தார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் விசிறியின் கோடுகள் சொல்வது, போனுக்கும் அது பிடித்திருக்கும் பெட்டிக்கும் இடையில் எவ்வளவு வலு என்பதை மட்டும்தான். அந்தப் பெட்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எக்ஸ்டென்டர் கட்டிலிலிருந்து இரண்டு அடியில் இருந்ததால் கோடுகள் நிறைந்தன. எக்ஸ்டென்டருக்கோ, மேலே முன்பக்கத்தில் ரீவிக்குப் பின்னால் இருக்கும் ரௌட்டர் சரியாகக் கேட்கவேயில்லை.

கிணற்றடியில் வாளி நிறையத் தண்ணீர் வேண்டுமென்றால், வாளியைப் பெரிதாக்கிப் பயனில்லை, வாளி தண்ணீரை எட்ட வேண்டும். எக்ஸ்டென்டர் தானாக எதையும் உண்டாக்குவதில்லை. தனக்கு வருவதைத்தான் கொடுக்கும். அதிலும் பலவகை எக்ஸ்டென்டர்கள் ஒரே அலைக்கருவியால் ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் சொல்வதால், வருவதில் ஏறக்குறைய பாதிதான் போய்ச்சேரும்.

கீழே அலை வராததற்கும் காரணம் இருக்கிறது. ரொறன்ரோப் பக்கத்துப் பல வீடுகளில் குளிருக்குச் சூடாக்கும் காற்று, தகரக் குழாய்கள் வழியே வீடெங்கும் போகும். அந்தக் குழாய்கள் பேஸ்மென்டின் கூரையோடு ஓடும். சூடாக்கும் இயந்திரமும் துணி துவைக்கும் இயந்திரமும் அங்கேதான். வைஃபை அலை மரத்தையும் ஜிப்சம் சுவரையும் ஒருவாறு தாண்டும், உலோகத்தைத் தாண்டாது. அம்மம்மாவின் அறை அந்த இயந்திரங்களுக்கு அங்கால், வீட்டின் பின்மூலையில்.

ஆறாவது: எக்ஸ்டென்டருக்கு இடம் தேடுவது

இதற்குச் சரியான விதி ஒன்று இருக்கிறது. ரௌட்டரின் சொந்தப் பெயரைப் பிடித்திருக்கும் போனில், எந்த இடத்தில் நின்று வீடியோ அழைப்பு தெளிவாகப் போகிறதோ, அந்த இடந்தான் எக்ஸ்டென்டருக்கு. போனுக்குக் கேட்பது பெட்டிக்கும் கேட்கும். தேவைப்படும் அறைக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. ஆனால் ரௌட்டர் நன்றாகக் கேட்கும் எல்லைக்குள்ளேயே நிற்க வேண்டும்.

முதலில் அந்தப் பெட்டியைப் பிளக்கிலிருந்து கழற்றச் சொன்னேன். அது ஓடிக்கொண்டிருந்தால் போன் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும், அளவு பொய்யாகிவிடும். கழற்றும்போது எந்தப் பொத்தானையும் அமத்த வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். பக்கவாட்டில் ஊசி நுழையும் அளவு ஒரு சின்னத் துளை இருக்கும். அதைக் குத்தினால் மாமா போட்டு வைத்ததெல்லாம் அழிந்துவிடும். சும்மா கழற்றி வேறு இடத்தில் மாட்டினால் பழையதை அது மறக்காது.

பிறகு மூன்று இடங்களில் அளந்தோம். ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து, வைஃபையை ஒருமுறை நிறுத்திப் போட்டு, பெயரின் கடைசியில் ஒட்டு இல்லை என்று பார்த்துவிட்டு.

படிக்கட்டின் அடியில், கீழ்ப்படியில் இருந்தபோது: 6, 1. நடுவில், பக்கக் கதவால் வெளியே போகும் சின்னத் தளத்தில்: 45, 10. படிக்கட்டின் உச்சியில், குசினிக்குப் போகும் ஓடையில்: 90, 11.

நடுத்தளத்திலிருந்து கீழ்ப்படிக்கு ஆறேழு படிதான். அதற்குள் 10 என்பது 1 ஆகிவிட்டது. தகரக் குழாய் எந்த இடத்தில் குறுக்கே வருகிறது என்பதை எண்களே காட்டின. இதனால்தான் கண்மதிப்பில் "நடுவில் எங்காவது வையுங்கள்" என்று சொல்வதை நான் நம்புவதில்லை. இரண்டு அடி தள்ளியிருந்தால் முழுப் பயனும் போய்விடும்.

நடுத்தளம்தான் மிகப் பொருத்தமான இடம். அங்கே பிளக் இல்லை. நீட்டு வயர் போடலாமா என்று அம்மம்மாவே கேட்டா. வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். படிக்கட்டில் வயர் கிடந்தால் ஒரு நாள் அது காலில் தட்டும், அந்த வயதில் விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதைவிட முகம் கொஞ்சம் மங்கலாக இருந்துவிட்டுப் போகட்டும். ஓடையில், படிக்கட்டின் வாசலுக்கு நேரே ஒரு பிளக் இருந்தது. அங்கே மாட்டினோம். பேஸ்மென்ட் வாசற்கதவைப் பகலில் திறந்தே விடச் சொன்னேன்.

பெட்டி விழித்தெழ இரண்டு நிமிடம் ஆனது. அதுவரை அம்மம்மா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டா.

ஏழாவது: பழைய இடத்தில் மறுபடி

அறைக்குத் திரும்பி, கட்டிலில் இருந்து, வைஃபையை மீண்டும் ஒருமுறை நிறுத்திப் போடச் சொன்னேன். போன் பழைய பிடியை லேசில் விடாது. இந்த ஒரு தட்டு இல்லாமல் அளந்தால், எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டும் சரிவரவில்லை என்று நினைத்துவிடுவீர்கள்.

"விசிறி என்ன மாதிரி அம்மம்மா?"

"முந்தின மாதிரி நிறையேல்லை. ஒரு கோடு குறையுது." குரலில் ஏமாற்றம்.

"காரியமில்லை. இப்ப அந்த நீலக் கோட்டைத் தட்டுங்கோ."

28. கீழே 8.

முன்பு விசிறி நிறைந்திருந்தது, வெளியே போவது 0.3. இப்போது ஒரு கோடு குறைவு, ஆனால் 8. இருபத்தைந்து மடங்குக்கு மேல். வீட்டுப் போனை வைத்துவிட்டு வீடியோவில் எடுத்தா. நாற்பது நிமிடம் கதைத்தோம். `Poor connection` ஒருமுறையும் வரவில்லை. சாமிப்படத்துக்கு வைத்த செவ்வரத்தம்பூவைக் கிட்டக் கொண்டுவந்து காட்டினா. மாமியின் தொட்டியில் பூத்ததாம்.

அன்று இரவு மாமாவிடமும் இரண்டு வேலை சொன்னேன். ஒன்று, ரௌட்டரை ரீவிக்குப் பின்னாலிருந்து எடுத்துப் பக்கத்துத் தட்டின் மேலே திறந்தவெளியில் வைப்பது. ரீவியின் உலோகப் பின்பக்கமும் ஒரு மறைப்புத்தான். வயர் எட்டும் தூரத்துக்குள் அதைச் செய்தார். அது அம்மம்மாவுக்குக் கிடைத்த எண்ணை இன்னும் சிறிது கூட்டியது. மற்றது, நேரம் கிடைக்கும்போது ரௌட்டரிலிருந்து பேஸ்மென்டுக்கு ஒரு நெட்வொர்க் வயர் இழுத்து, அதன் முனையில் தனி வைஃபைப் பெட்டி வைப்பது. காற்றில் கேட்டுச் சொல்லும் எதையும்விட வயர் மேல். தகரக் குழாயும் அதை ஒன்றும் செய்யாது. சுவரில் துளை போட வேண்டும் என்பதால் அது குளிர்காலம் வரை தள்ளிப்போகிறது. எக்ஸ்டென்டர் வாங்க நினைப்பவர்கள், வாங்கும் முன் இந்த வயரைப் போட முடியுமா என்று ஒருமுறை யோசிக்கலாம்.

மறுபடி வந்தால்

பதினொரு நாள் கழித்து மறுபடி உறைந்தது. எனக்கு வயிறு கலங்கியது. ஆனால் இந்த முறை அம்மம்மா தானே பட்டியலைத் திறந்து வைத்திருந்தா.

"ஈ எக்ஸ் ரீ எண்ட பேரைக் காணேல்லை மோனை. விசிறியில ஒரு கோடுதான் கிடக்கு."

பெயர் பட்டியலிலேயே இல்லையென்றால் பெட்டிக்கு மின்சாரம் இல்லை என்று அர்த்தம். பெயர் இருந்து, பிடித்தும், எண் மட்டும் விழுந்திருந்தால் பெட்டியை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள், அல்லது ரௌட்டரை. இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ளத்தான் பெயரை வாசிக்கப் பழக்கினேன். மேலே போய்ப் பார்க்கச் சொன்னேன். வாரக் கடைசியில் மாமி வீடு கூட்டும்போது, வாக்யூம் கிளீனரை மாட்டுவதற்காக ஓடைப் பிளக்கிலிருந்து பெட்டியைக் கழற்றி அலமாரிமேல் வைத்திருந்தா. திரும்ப மாட்ட மறந்துபோனது.

அம்மம்மா அதை மாட்டினா. இரண்டு நிமிடம் காத்திருந்தா. நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, அவவின் வட்டமான எழுத்தில் எழுதி, பிளக்குக்கு மேலே ஒட்டிவிட்டு வந்து வீடியோவில் எனக்குக் காட்டினா. "இது அம்மாவின் பெட்டி. கழற்றினால் திரும்பப் பூட்டவும்."